கண்ணும் கண்ணாடியும்: டெலிபிராம்ப்டரின் கதை

போன மாதம் ஒரு கட்டுரையை வீடியோவாகப் பதிவு செய்து நண்பர் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். முழுசா பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எல்லாம் சரி, யாரைப் பார்த்துப் பேசுறீங்க?"

போனின் முன்பக்க கேமராவில் பேசியிருந்தேன். எழுதியது அதே திரையில் ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸுக்கும் நான் படித்த வரிக்கும் இடையே 7 செ.மீ. இருக்கும், அவ்வளவுதான். ஆனால் போன் என் முகத்திலிருந்து 40 செ.மீ. தூரத்தில் இருந்தது. கணக்குப் போட்டால் பார்வை லென்ஸை விட்டு 10 பாகை கீழே இறங்கியிருக்கிறது. எதிரே இருப்பவர் நம் கண்ணைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினால் எப்படி இருக்கும்? வீடியோவில் நான் அப்படித்தான் இருந்தேன். சொன்ன விஷயம் சரியாக இருந்தும் நண்பருக்கு மனசு ஒட்டவில்லை.

சரி, இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் போனதில் கிடைத்த கதை இது.

1940களின் கடைசியில் அமெரிக்காவில் தொலைக்காட்சி வேகமாகப் பரவியது. நாடகமேடையில் ஒரே வசனத்தை மாதக்கணக்கில் பேசிப் பழகிய நடிகர்கள், இங்கே தினம் ஒரு புது வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் ஃப்ரெட் பார்ட்டன். வசனம் கண்ணெதிரே ஓடினால் என்ன என்ற யோசனையோடு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸில் இருந்த இர்விங் கானிடம் போனார். கான் அதை ஹியூபர்ட் ஷ்லாஃப்லி என்ற மின்பொறியாளரிடம் கொடுத்தார். ஷ்லாஃப்லி செய்த கருவி ரொம்ப எளிமையானது. ஒரு சூட்கேஸின் பாதிக்குள் மோட்டார், பெல்ட், உருளைகள். உருளையில் சுற்றிய நீளமான தாளில் அரை அங்குல உயர எழுத்துகள். கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அதன் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். 1950 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் முதன்முதலாகப் பயன்பட்டது.

கேமராவுக்கு 'பக்கத்தில்' என்பதைக் கவனியுங்கள். என் சிக்கலேதான் அது. லென்ஸிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தாள் இருந்து, நடிகர் 3 மீட்டர் தூரத்தில் நின்றால், பார்வை கிட்டத்தட்ட 6 பாகை விலகும். இன்னொரு நடிகரைப் பார்த்துப் பேசும் நாடகக் காட்சியில் இது பெரிய குறையல்ல. நேராக நேயரைப் பார்த்து, "இந்தப் பொருளை வாங்குங்கள்" என்று சொல்லும்போதுதான் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால்தானோ என்னவோ, அடுத்த படியும் ஒரு விளம்பரத்தை ஒட்டியே வந்தது. 'ஐ லவ் லூசி' தொடரின் தயாரிப்பாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமர், வசனம் லென்ஸுக்கு நேராகவே தெரியும்படி ஒரு கண்ணாடி அமைப்பை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். 1953இல் லூசில் பாலும் தேசி அர்னாஸும் அதைப் பார்த்து ஒரு சிகரெட் விளம்பரம் பேசினார்கள்.

அடிப்படை உத்தி பழசுதான். 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் பேயைக் காட்டியதும் இதே சாய்ந்த கண்ணாடியை வைத்துத்தான். லென்ஸுக்கு முன்னால் 45 பாகை சாய்வில் ஒரு கண்ணாடி. அதன் கீழ் விளிம்பு கேமரா பக்கம் இருக்கும், மேல் விளிம்பு பேசுபவர் பக்கம் சாய்ந்திருக்கும். அடியில் திரை வானம் பார்த்துக் கிடக்கும். திரையின் எழுத்து கண்ணாடியில் பட்டுப் பேசுபவருக்குத் தெரிகிறது. அவருடைய முகம் அதே கண்ணாடியை ஊடுருவி லென்ஸுக்குப் போகிறது.

ஒருமுறை பிரதிபலித்தால் இடவலம் மாறும். ஆகவே திரையிலேயே எழுத்தை மாற்றிப் போட்டுவிட வேண்டும். திரையை எந்தப் பக்கம் சுழற்றினாலும் இது சரியாகாது. சுழற்றினால் தலைகீழாகுமே தவிர இடவலம் திரும்பாது. நான் ஒரு எச்டிஎம்எல் கோப்பில் இந்த ஒரு விதியைச் சேர்த்தேன்:

```css
body { background: #000; color: #fff; transform: scaleX(-1); }
```

சரிபார்க்க 'ப' என்ற எழுத்தை நம்பாதீர்கள், திருப்பினாலும் அது 'ப' மாதிரியேதான் இருக்கும். 'ட' போட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். பின்னணி கறுப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. வெள்ளைப் பின்னணி என்றால் கண்ணாடியில் ஒரு வெளிச்சப் பலகையே தெரியும், எழுத்து அதில் மங்கிப்போகும்.

முதலில் போட்டோ ஃப்ரேமிலிருந்து கழற்றிய 2 மி.மீ. கண்ணாடியை வைத்தேன். எழுத்து இரட்டையாகத் தெரிந்தது. கண்ணாடியின் முன்பரப்பு ஒரு பிம்பம், பின்பரப்பு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மி.மீ. இடைவெளி. தடிமன் கூடினால் இதுவும் கூடும். இதற்கென்று விற்கும் கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் பூச்சு இருக்கும். அந்தப் பக்கம் பேசுபவரை நோக்கி இருக்க வேண்டும். ஏறக்குறைய 30 சதவீத ஒளியைத் திருப்பி, 70 சதவீதத்தை உள்ளே விடும் வகை அது. கேமராவுக்கு அரை ஸ்டாப் வெளிச்சம் குறையும், அதை விளக்கில் ஈடுகட்டிவிடலாம். லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி போடாவிட்டால் பின்னால் இருக்கும் ஜன்னலும் சேர்ந்து பதிவாகும். எனக்கு ஆனது.

இப்போது 10 அங்குல டேப்லெட் கீழே, போன் கண்ணாடிக்குப் பின்னால், நான் ஒன்றரை மீட்டர் தூரத்தில். மேலும் கீழுமாக விலகல் போய்விட்டது. ஆனால் வரி 15 செ.மீ. அகலமாக இருந்ததால் கண் இடமும் வலமுமாக ஓடுவது தெரிந்தது, பக்கத்துக்கு 3 பாகை. வரியை 10 செ.மீ. ஆகக் குறுக்கியதும் அடங்கியது. அந்த அகலத்தில் 12 மி.மீ. எழுத்தில் ஒரு வரிக்கு ஒன்றிரண்டு தமிழ்ச் சொல்தான் பிடிக்கும். பரவாயில்லை.

கடைசியாக வேகம். நிமிடத்துக்கு 150 சொல் என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. நம் சொற்கள் நீளம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பது ஒரே சொல். என் 420 சொல் கட்டுரையை இயல்பாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், 5 நிமிடம் ஆனது. அதாவது நிமிடத்துக்கு 84 சொல். திரையில் அது 280 வரிகளாக விழுந்தது. 300 வினாடியை 280ஆல் வகுத்தால் வரிக்கு ஒரு வினாடிக்குச் சற்று மேல். இந்த வேகத்தில் வைத்துவிட்டு, மூச்சு விட நினைத்த இடங்களில் இரண்டு வெற்று வரிகள் சேர்த்தேன்.

அப்படியும் இயந்திரத்துக்கு நம் மனசு தெரியாது. 1952இல் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாட்டில் முன்னாள் அதிபர் ஹூவர் இந்தக் கருவியைப் பார்த்துப் பேசினார். நடுவில் எழுதாததைப் பேசத் தொடங்கியதும், இயக்குபவர் முறைப்படி தாளை நிறுத்திக் காத்திருந்தார். ஹூவரோ கருவி நகரவில்லை என்று மைக்கிலேயே குறைபட்டுக்கொண்டார். அவர் பார்த்துத்தான் படிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது. 1993இல் கிளின்டனுக்கு இன்னும் மோசம். நாடாளுமன்றத்தில் சுகாதாரத் திட்டம் பற்றிப் பேச நின்றால், கருவியில் ஏழு மாதத்துக்கு முந்தைய உரை ஏற்றப்பட்டிருந்தது. சரியான உரை வரும்வரை ஏழு நிமிடம் போலத் தன் நினைவிலிருந்தும் கையில் இருந்த தாளிலிருந்தும் சமாளித்தார். விஷயம் தெரிந்தவர் என்பதால் தப்பித்தார். அதைப் படித்த பிறகு, பதிவுக்கு முன் கட்டுரையின் முக்கியக் குறிப்புகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

ஷ்லாஃப்லி தன் கருவியை மேடையில் தானே பயன்படுத்தியது 2008இல்தான், கேபிள் தொலைக்காட்சித் துறையினர் அவரைக் கௌரவித்த விழாவில். செய்து முடித்து ஏறக்குறைய 60 வருடம் கழித்து.

புது வீடியோவை நண்பருக்கு அனுப்பினேன். இந்த முறை கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்ன ஒரு வருடத்தில் பிழை இருக்கிறது என்று எழுதியிருந்தார். திருத்த வேண்டும்.