முடிந்த பணிக்குச் சாட்சியம்: அனுபவச் சான்றிதழிலும் பணிவிடுவிப்புக் கடிதத்திலும் இருக்க வேண்டியவை, இருக்கக் கூடாதவை

தனியார் நிறுவனத்திலிருந்து விலகுபவருக்கு இந்தியாவில் வழக்கமாக இரண்டு தாள்கள் தரப்படுகின்றன. ஒன்று அனுபவச் சான்றிதழ். மற்றொன்று அலுவலகங்களில் ரிலீவிங் லெட்டர் என்றே வழங்கும் பணிவிடுவிப்புக் கடிதம். இவை இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து அடித்துக் கொடுக்கும் நிறுவனங்களும் பல. இந்தச் சேர்க்கையிலிருந்துதான் பெரும்பாலான சிக்கல்கள் முளைக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

அனுபவச் சான்றிதழ் நடந்து முடிந்ததைச் சொல்கிறது. இன்னார், இந்த நாள் முதல் இந்த நாள் வரை, இந்தப் பதவியில், இன்ன வேலையைச் செய்தார் என்பதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. அது ஊழியருக்கு எழுதப்படுவதன்று. அதைக் காண நேரும் எவருக்கும் எழுதப்படுவது. விடுவிப்புக் கடிதமோ ஊழியரின் பெயருக்கே முகவரியிடப்படுவது. அவருடைய விலகல் ஏற்கப்பட்டது, குறிப்பிட்ட நாளின் அலுவல் நேர முடிவில் அவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்ற ஒரே நிகழ்வை அது பதிவு செய்கிறது. விடுவிப்பு, நிர்வாகத்தின் ஒரு செயலைப் பொறுத்தது. அனுபவம் அப்படியல்ல, வேலை செய்த அன்றே அது நிகழ்ந்துவிட்டது, யாரும் ஏற்கவோ மறுக்கவோ அதில் எதுவுமில்லை.

இந்த வேறுபாட்டின் நடைமுறை விளைவு பெரிது. அறிவிப்புக் காலத்தை முடிக்காமல் ஒருவர் நின்றுவிட்டால், விலகலை ஏற்காத நிர்வாகம் விடுவிப்புக் கடிதம் தராமல் இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. நடக்காத விடுவிப்பை நடந்ததாக எழுத முடியாது. ஆனால் அதே காரணத்தைக் காட்டி அனுபவச் சான்றிதழையும் நிறுத்தி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அறிவிப்புக் காலத்துக்கான தொகை வர வேண்டுமென்றால் அதை வசூலிக்க ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. நான்கு ஆண்டு வேலை செய்தார் என்ற உண்மையை அதற்கு ஈடாகப் பிடித்து வைக்க முடியாது.

இந்த நிலைப்பாட்டுக்குப் பழைய சட்ட ஆதாரம் ஒன்று உண்டு. 1946ஆம் ஆண்டின் தொழில் நிறுவன வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளின் 16ஆம் பத்தி, நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொருவரும் பணிநீக்கம், பணி முடிவுறுத்தல், ஓய்வு ஆகிய சமயங்களில் பணிச் சான்றிதழ் பெற உரிமையுடையவர் என்றது. குற்றம் நிரூபிக்கப்பட்டு நீக்கப்பட்டவருக்கும் சான்றிதழ் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தை வகுத்தவர்கள் அதை நல்ல பிள்ளைக்குத் தரும் பரிசாகக் கருதவில்லை. நிகழ்ந்ததன் பதிவாகவே கருதினார்கள். இந்த விதிக்கு எல்லையும் உண்டு. நிலையாணைகள் பொருந்தும் அளவுக்குப் பெரிய நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கே அது உரியது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், நிலையாணைகளுக்கான வரம்பை 300 தொழிலாளர்கள் என்று உயர்த்திவிட்டது. சிறு அலுவலகத்தின் கணக்காளரும் பெரிய நிறுவனத்தின் மேலாளரும் பணி நியமன ஆணையையும் நடைமுறை வழக்கத்தையுமே நம்பி இருக்கிறார்கள். அதனால்தான் என்ன எழுதுவது என்பதில் ஒழுங்கு தேவைப்படுகிறது.

எழுத வேண்டியவற்றில் மிக எளியதாகத் தோன்றுவதும் மிக அதிகமாகப் பிழைபடுவதும் தேதிதான். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வாரம் 6 நாள் இயங்கும் கோயம்புத்தூர்ப் பம்பு தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் ஒருவர் 03.06.2019 அன்று கணக்குப் பிரிவில் சேர்கிறார். 15.01.2024 அன்று 30 நாள் அறிவிப்புடன் விலகல் கடிதம் கொடுக்கிறார். 14.02.2024 வரை வந்து வேலை செய்து, பொறுப்பை ஒப்படைக்கிறார். மனிதவளப் பிரிவில் கடிதம் தட்டச்சு செய்பவர், கோப்பில் முதலில் கண்ணில் படும் விலகல் கடிதத்தின் தேதியை எடுத்து, '15.01.2024 முதல் விடுவிக்கப்பட்டார்' என்று அடித்துவிடுகிறார்.

இப்போது பணிக்கொடையைப் பாருங்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி 5 ஆண்டு தொடர் பணி வேண்டியிருந்தது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி இருந்தால் அதை முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நம் ஊழியரின் ஐந்தாம் ஆண்டு 03.06.2023 அன்று தொடங்குகிறது. அன்றிலிருந்து 14.02.2024 வரை 257 நாட்கள். ஊதியமில்லா விடுப்பு எடுக்காத மாதச் சம்பளக்காரர் என்பதால், ஊதியத்துடன் கூடிய வார விடுமுறைகளும் சேர்ந்து வரம்பு தாண்டிவிடுகிறது. 15.01.2024 வரை என்றால் 227 நாட்கள்தாம். வரம்புக்கு 13 நாள் குறைவு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க ஆண்டுக்கு 15,000 ரூபாய்; ஐந்து ஆண்டுக்கு 75,000 ரூபாய். ஒரு தேதியைத் தவறாக அடித்ததில் அந்தத் தொகைக்கான அவருடைய கோரிக்கை ஆட்டம் கண்டுவிடுகிறது.

அதே தேதி வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பணி விலகிய நாளாகவும் ஏறுகிறது. கடிதத்தில் ஒரு நாள், பி.எஃப். பதிவில் வேறொரு நாள் என்றிருந்தால், அடுத்த நிறுவனத்தின் சரிபார்ப்பில் அது ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வேலை பார்த்ததுபோலத் தோற்றமளிக்கக்கூடும். ஆகவே விலகல் கடிதத்தின் நாள், அதை ஏற்ற நாள், கடைசி வேலை நாள், கடிதம் வழங்கிய நாள் ஆகிய நான்கையும் தனித்தனியே எழுத வேண்டும். முன்தேதியிடுவது கூடவே கூடாது.

விட வேண்டியவற்றில் முதலிடம் பெறுவது பலருக்குக் கண்ணில் படாத ஓரிடத்தில் ஒளிந்திருக்கிறது. தமிழ் அலுவலகக் கடிதங்களில் பொருளுக்கு அடுத்து 'பார்வை' என்றொரு வரி வரும். விடுவிப்புக் கடிதம் ஒன்றை இப்படிக் கற்பனை செய்து கொள்ளுங்கள்:

பார்வை: 1. தங்கள் விலகல் கடிதம், நாள் 15.01.2024.
2. விளக்கம் கோரும் குறிப்பாணை, நாள் 04.12.2023.

கடிதத்தின் உடலில் ஒரு பழிச்சொல்லும் இல்லை. ஆனால் இரண்டாம் பார்வையைக் காணும் அடுத்த நிறுவனம் அந்தக் குறிப்பாணையைக் கேட்காமல் விடுமா? தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் இதையே ஆராய்ந்தது. கொல்கத்தாவின் சத்யேந்திரநாத் போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையத்தில் தகுதிகாண் பருவத்தில் இருந்தவரை விலக்கிய ஆணை பற்றிய வழக்கு அது. களங்கம் ஆணையின் வாசகத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆணை சுட்டும் வேறு ஆவணத்திலோ இணைப்பிலோ இருந்தாலும் போதும் என்று நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கு அரசுசார் நிறுவனம் ஒன்றைப் பற்றியது. தனியார் நிறுவனத்தை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் தர்க்கம் தாளைப் படிக்கும் முறை பற்றியது, ஆகவே எங்கும் பொருந்துகிறது. விடுவிப்புக் கடிதத்தின் பார்வையில் விலகல் கடிதமும் அதை ஏற்ற கடிதமும் மட்டுமே இடம்பெற வேண்டும்.

அடுத்தது நடத்தை பற்றிய வரி. 'பணிக்காலத்தில் இவருடைய நடத்தை நன்றாக இருந்தது' என்ற வாக்கியம் நம் சான்றிதழ்களில் ஏறக்குறைய அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. எல்லோருக்கும் எழுதப்படுவதால் அதற்குப் பொருள் தேய்ந்துவிட்டது. ஒருவருக்கு மட்டும் எழுதாமல் விட்டால் அந்த மௌனம் உரக்கப் பேசுகிறது. ஜெர்மனி இந்த வழியில் வெகுதூரம் சென்ற நாடு. அங்கே தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, பணியின் தன்மையையும் காலத்தையும் மட்டும் சொல்லும் எளிய சான்று, செயல்திறனையும் நடத்தையையும் சேர்த்துச் சொல்லும் விரிவான சான்று என இரண்டையும் கேட்க ஊழியருக்கு உரிமை தருகிறது. விரிவான சான்றில் கடுமையாக எழுதத் தயங்கிய முதலாளிகள், 'எங்களுக்கு முழுத் திருப்தி' என்றால் நடுத்தரம், அதன்மேல் 'எப்போதும்', 'மிக முழுமையான' என்ற சொற்கள் ஏறினால்தான் சிறப்பு என்று ஒரு சங்கேத மொழியையே உருவாக்கிவிட்டார்கள். 2014இல் அந்நாட்டின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், 'முழுத் திருப்தி' என்பது சராசரி மதிப்பெண்ணே, அதற்குமேல் வேண்டுமென்றால் ஊழியர்தான் நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பளிக்கும் நிலை வந்தது. வெளிப்பொருளுக்கு மாறாக மறைபொருள் தரும் தொடர்களை அதே 109ஆம் பிரிவு தடுக்கவும் செய்கிறது. பாராட்டை வழக்கமாக்கினால் பாராட்டே குறியீடாக மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனவே, நடத்தை வரியை ஒருவருக்கு எழுதி ஒருவருக்கு விடுவதைவிட, அனுபவச் சான்றிதழிலிருந்து அதை எல்லோருக்குமாக நீக்கிவிடுவதே நேர்மை. பாராட்ட விரும்பும் மேலாளர் தம் பெயரில் தனிப் பரிந்துரைக் கடிதம் எழுதட்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கையாடல் செய்தவரின் சான்றிதழும் அதே வடிவில் இருந்தால், அடுத்த நிறுவனம் ஏமாறாதா? குழந்தைகளோடு பழகும் பள்ளிப் பணியில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. என் விடை இது: குற்றத்துக்கு உரிய இடம் விசாரணை அறிக்கையும் பணிநீக்க ஆணையும் காவல்துறைப் புகாருமே. அவற்றைச் செய்யத் துணியாத நிர்வாகம் சான்றிதழில் ஓர் அரைகுறைச் சொல்லால் கடமையைத் தீர்த்துக்கொள்வது, குற்றமற்றவருக்கும் குற்றவாளிக்கும் ஒரே தீங்கைச் செய்கிறது. ஆனால் மௌனத்துக்கு அனுமதி என்பது பொய்க்கு அனுமதி ஆகாது. நீக்கப்பட்டவரை 'தாமாக விலகினார்' என்றோ, கையாடியவரை 'நேர்மையானவர்' என்றோ எழுதும் நிறுவனம் அடுத்தவரைத் தெரிந்தே ஏமாற்றுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'எல்லா நிலுவைகளும் தீர்க்கப்பட்டன, ஊழியருக்கு இனி உரிமைக் கோரிக்கை எதுவுமில்லை' என்ற வரி, பணம் கைக்கு வருமுன்பே பல கடிதங்களில் ஏறிவிடுகிறது. கணக்குத் தீர்வுக்குத் தனித் தாள் வேண்டும். பணிக்கொடை உரிமையை இப்படி ஒரு வரியால் விட்டுக்கொடுக்கச் செய்யவும் முடியாது. 'போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது' என்ற நிபந்தனையும் வேண்டாதது. பணி முடிந்த பின்னரும் தொடரும் இத்தகைய தடையை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. 1980இல் கிருஷண் முர்காய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்ததும் இதே சிக்கல்தான். விலகியதற்கான காரணம், நோய், பேறுகால விடுப்பு, ஆதார் எண், வீட்டு முகவரி ஆகியவற்றுக்கு இந்தத் தாள்களில் இடமில்லை. சம்பளத்தை ஊழியர் எழுத்தில் கேட்டால் மட்டும் தனிச் சான்றாகத் தரலாம்.

நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. கடைசி வேலை நாளன்று மாலைக்குள் அனுபவச் சான்றிதழைத் தனித் தாளில், கையொப்பமிட்டவரின் பெயர், பதவி, கோப்பு எண் ஆகியவற்றோடு கொடுத்துவிடுங்கள். நிலுவைப் பேச்சை அதோடு முடிச்சுப் போடாதீர்கள். விலகுபவர்கள் தாளை வாங்கியவுடன் மடித்து வைக்காமல், சேர்ந்த நாளையும் கடைசி வேலை நாளையும் பி.எஃப். பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்வை வரியையும் ஒருமுறை படியுங்கள். பிழை இருந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல், அன்றே மின்னஞ்சலில் திருத்தம் கேளுங்கள்.