குன்றிமணியும் குங்குமப்பூவும்: சிற்றளவின் வரலாறு

கால் தேக்கரண்டிக் குங்குமப்பூ, ஒரு சிட்டிகைப் பெருங்காயம் போன்ற மிகச் சிறிய அளவுகளைச் சிறு கரண்டிகள் இல்லாத காலத்துச் சமையற்கூடங்கள் எவ்வாறு வரையறுத்தன? முகலாய அரண்மனையின் அடுக்களைக் குறிப்புகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன.

அபுல் பசல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ‘அயினி அக்பரி’யில் உணவு வகைகளுக்கான பொருட்கள் எடையளவோடு பட்டியலிடப்பட்டுள்ளன. ‘ஜர்த் பிரிஞ்ச்’ என்னும் மஞ்சள் சோற்றுக்கு 10 சேர் அரிசியும் ஒன்றரை தாம் குங்குமப்பூவும் குறிக்கப்பட்டுள்ளன. ‘பஹித்’ என்னும் பருப்பு உணவில் 10 சேர் பருப்புக்கு ஒன்றரை மிஸ்கால் பெருங்காயம் சேர்கிறது. தாம் என்பது உண்மையில் ஒரு செப்புக்காசு. அதன் எடை ஏறத்தாழ 20.9 கிராம். அக்பர் காலத்துச் சேர் 30 தாம் எடை கொண்டது. அதாவது, சந்தையில் செலவாகும் காசே அடுக்களையில் எடைக்கல்லாகவும் பயன்படக்கூடியதாக இருந்தது.

இக்கணக்கை இன்றைய அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். 10 சேர் என்பது 300 தாம். அதற்கு ஒன்றரை தாம் குங்குமப்பூ என்றால் 200 பங்கு அரிசிக்கு ஒரு பங்கு. எனவே 200 கிராம் அரிசிக்கு ஒரு கிராம் வேண்டும். இது இன்றைய இல்லங்களில் இடப்படுவதைவிடப் பன்மடங்கு அதிகம். அரண்மனைச் செல்வத்தின் அளவு அது. பெருங்காயத்தின் நிலை வேறு. மிஸ்காலை ஏறத்தாழ நாலரை கிராம் என்று கொண்டால், 200 கிராம் பருப்புக்குக் கிடைப்பது 0.2 கிராம் அளவே. பெரிய சமையலில் எளிதாக நிறுக்கத்தக்க ஒரு பொருள், சிறு குடும்பத்தின் பானைக்கு வரும்போது தராசின் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. சிற்றளவுச் சிக்கல் என்பது பெரும்பாலும் சமையலின் அளவு சுருங்கியதால் எழுந்த சிக்கலே.

தாமுக்குக் கீழே உள்ள எடைகளுக்கு இந்தியா விதைகளை நம்பியது. வடக்கே ரத்தி என்றும் தமிழில் குன்றிமணி என்றும் வழங்கும் விதையே பொற்கொல்லரின் அடிப்படை எடை. எட்டு ரத்தி ஒரு மாஷா. பன்னிரண்டு மாஷா ஒரு தோலா. பிரித்தானியர் 1833இல் தோலாவை 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் என நிலைப்படுத்தினர். அதன்படி ஒரு ரத்தி 0.12 கிராம். மேற்சொன்ன பெருங்காயம் இரண்டு ரத்திக்குச் சற்றுக் குறைவு. குங்குமப்பூவோ ஏறத்தாழ ஒரு மாஷா.

ஆனால் இப்பெயர்களை எல்லாக் காலத்திற்கும் ஒரே பொருளில் கொள்வது ஆபத்தானது. அர்த்தசாஸ்திரத்தில் பொன்னளக்கும் மாஷம் ஐந்து குன்றிமணி எடை கொண்டது. பிற்காலத்து மாஷாவோ எட்டு. பெயரை மட்டும் நம்பிப் பழைய குறிப்பொன்றைச் செய்து பார்ப்பவர் பாதிக்கும் மேல் கூடுதலாக இட நேரும். விதையும் ஒன்றுபோல் ஒன்று இராது. ஆகவே ஒற்றை விதையை நம்புவதைவிடப் பல விதைகளைச் சேர்த்து நிறுத்துச் சராசரி காண்பதே நம்பத்தக்கது. குன்றிமணி நச்சு விதை என்பதால் தராசுத் தட்டைத் தாண்டி அடுக்களைக்குள் அதற்கு இடமில்லை.

விதையும் துல்லியத் தராசும் இல்லாத இடத்தில் எஞ்சும் வழி பகுத்தல். ஒரு கிராம் குங்குமப்பூவைச் சிறிது சர்க்கரையோடு நுணுக்கி, எட்டுக் கரண்டி வெந்நீரில் ஊறவைத்தால், ஒவ்வொரு கரண்டி நீரும் ஏறத்தாழ ஒரு ரத்தியைச் சுமக்கும். கால் தேக்கரண்டி இழைகளின் எடை ஒன்றரை ரத்தி அளவே என்பதால், ஒன்றரைக் கரண்டி நீர் போதும். தூள் அடியில் படியுமாதலால் ஒவ்வொரு முறையும் கலக்கியே எடுக்க வேண்டும். முதற்கரண்டி வெளிறியும் கடைசிக் கரண்டி அடர்ந்தும் இருந்தால் பகுப்பு பிழைத்தது என்று அறியலாம். பெருங்காயப் பிசினும் நீரில் முழுதும் கரையாமல் பால்போல் கலங்கியே நிற்கும், அதற்கும் இவ்விதியே. ஈஸ்ட்டையும் இவ்வாறு பகுக்கலாம். உயிருள்ள பொருளாதலால் மீதியைச் சேமிக்க இயலாது.

உலர்ந்த தூளாயின் தாளில் பரப்பிச் சமமாக இரண்டாக்கி, மீண்டும் இரண்டாக்கலாம். ஒரு தேக்கரண்டி இருமுறை பாதியானால் கால் தேக்கரண்டி. தனியே ஒரு குவியலின் அளவை மதிப்பிடத் தடுமாறும் கண், அருகருகே உள்ள இரு குவியல்கள் சமமா என்பதை எளிதில் காணும்.

எடை சரியாக இருந்தும் பொருள் மாறியிருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. இன்று கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் கோந்தும் கலந்துள்ளன. அபுல் பசலின் மிஸ்கால் தூய பிசினைக் குறித்ததாயின், அதே எடை இன்று அதே மணத்தைத் தராது. பழைய சமையற்குறிப்பைப் படிக்கும் ஆய்வாளர் எண்ணைப் பெயர்த்தால் மட்டும் போதாது. எந்தச் சேர், எந்த மாஷா, எந்தப் பெருங்காயம் என்று மூன்றையும் கேட்டாக வேண்டும்.