மூன்று அட்டைகள், ஒரே பிழை

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அச்சிடாத பக்கத்தை வெட்டி நான் செய்த மூன்று அட்டைகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் மரபியல் கணக்கு நடத்தும்போது மாணவர்கள் கைமாற்றிப் போட்டுப் பார்ப்பதற்காக எழுதியவை. முன்பக்கத்தில் கணக்கு, பின்பக்கத்தில் படிகள். அடியில் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் வழக்கமாக எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்பதைச் சொல்லும் வரி அது.

ஒருபண்புக் கலப்புக்கு ஒன்று, இருபண்புக் கலப்புக்கு ஒன்று, பெடிகிரி என்று நாங்கள் சொல்லும் குடும்ப மரபு வரைபடத்துக்கு ஒன்று. மூன்றின் சிவப்பு வரிகளையும் ஒருநாள் அருகருகே வைத்துப் படித்தபோதுதான், மூன்றும் ஒரே பிழையைச் சொல்கின்றன என்பது எனக்குப் புரிந்தது. அந்தப் பிழை என் வகுப்பில் பிறந்ததல்ல. இந்தக் கணக்குகள் எந்த வழியாக நம்மிடம் வந்தனவோ, அதே வழியாக அதுவும் வந்திருக்கிறது.

முதல் அட்டை: புரூன் நகரத்துப் பட்டாணி

முதல் அட்டையின் கணக்கு புரூன் நகர மடத்துத் தோட்டத்திலிருந்து வந்தது. இன்று செக் நாட்டில் பர்னோ என்று அழைக்கப்படும் ஊர் அது. அங்கே 1856 முதல் 1863 வரை கிரிகர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கலப்பு செய்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் உருண்டை. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டதில் கிடைத்த விதைகள் 7324. அவற்றில் உருண்டை 5474, சுருங்கியவை 1850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

இதுவரை எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். Rr × Rr என்று எழுதி, நான்கு கட்டம் போட்டு, RR ஒன்று, Rr இரண்டு, rr ஒன்று என்று நிரப்பிவிடுவார்கள். என் அட்டை அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கிறது: "இந்த விதைகளில் உருண்டையான ஒன்றை எடுக்கிறோம். அது Rr ஆக இருக்க வாய்ப்பு எவ்வளவு?"

"ரெண்டுல ஒண்ணு டீச்சர். நாலு கட்டத்துல ரெண்டு Rr இருக்கே."

இல்லை. எடுத்த விதை உருண்டை என்று கேள்வியே சொல்லிவிட்டது. அதனால் rr கட்டத்துக்கு இங்கே வேலை இல்லை. அதை அடித்துவிட்டால் மிச்சம் மூன்று கட்டம். அவற்றில் Rr இரண்டு. விடை 2/3.

அட்டையின் பின்பக்கத்தில் நான்கு படிகள்தான். பெற்றோரின் எழுத்துகளை எழுது. கட்டத்தை நிரப்பு. கேள்வி ஏற்கெனவே சொல்லிவிட்ட செய்தியோடு ஒத்துவராத கட்டங்களை அடி. மிச்சத்தை மட்டும் எண்ணு. பிழை நடப்பது மூன்றாவது படியில். மாணவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

மெண்டல் இதைத் தாண்டவில்லை. உருண்டை விதைகளை மறுபடி விதைத்து, வளர்ந்த 565 செடிகளின் காய்களை உரித்துப் பார்த்தார். 193 செடிகள் உருண்டை விதை மட்டுமே தந்தன. 372 செடிகள் இரண்டு வகையும் தந்தன. அதாவது ஒன்றுக்கு இரண்டு. 3:1 என்ற விகிதத்துக்குள் 1:2:1 ஒளிந்திருக்கிறது என்பதை அவர் கண்டது இந்த இரண்டாவது எண்ணிக்கையால்தான்.

இரண்டாவது அட்டை: பதினாறு கட்டம்

மெண்டலின் கட்டுரை 1866-இல் அச்சானது. 1900-இல் அது மறுபடி கண்டெடுக்கப்பட்ட பிறகு, கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சனோடு வேலை செய்த ரெஜினால்ட் புன்னட் கலப்புக் கணக்குகளைக் கட்டம் போட்டுக் காட்டினார். நாம் இன்று புன்னட் கட்டம் என்பது அதைத்தான்.

இருபண்புக் கலப்பில் அது பதினாறு கட்டமாகிறது. இதில் முதல் சறுக்கல் கட்டத்துக்கு வெளியிலேயே நடக்கிறது. RrYy தரும் கேமீட்டுகளை எழுதச் சொன்னால் சிலர் Rr, Yy என்று எழுதுவார்கள். ஒரு கேமீட்டில் ஒவ்வொரு ஜீனிலிருந்தும் ஓர் எழுத்துதான் வரும், ஒரு ஜீனும் விட்டுப்போகக் கூடாது. அப்படி எழுதினால் RY, Ry, rY, ry என்று நான்கு வரும்.

நான் பதினாறு கட்டம் போடச் சொல்வதில்லை. கணக்கை இரண்டாகப் பிரி, ஒவ்வொன்றையும் முதல் அட்டைபோலச் செய், கடைசியில் பெருக்கு. உருண்டைக்கு 3/4, மஞ்சளுக்கு 3/4, இரண்டும் சேர்ந்து 9/16. இரண்டு ஜீன்களும் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே பிரியும்போது மட்டும்தான் இப்படிப் பெருக்கலாம். இனிப்புப் பட்டாணியில் பூ நிறமும் மகரந்த வடிவமும் 9:3:3:1-க்கு அடங்காததைப் பேட்சன் குழுவினரே பார்த்தார்கள். அந்த இரண்டு ஜீன்களும் பிணைந்தவை.

அட்டையின் கேள்வி: "RrYy × RrYy. உருண்டையும் மஞ்சளுமான விதைகளில், இரண்டு பண்புக்கும் தூயவை எத்தனை பங்கு?" பத்துப் பேரில் பாதிப் பேர் 1/16 என்பார்கள். அது எல்லா விதைகளிலும் உள்ள பங்கு. கேள்வியோ உருண்டை மஞ்சள் விதைகளைத் தனியே அள்ளி வைத்துவிட்டுக் கேட்கிறது. உருண்டைகளில் RR மூன்றில் ஒன்று. மஞ்சள்களில் YY மூன்றில் ஒன்று. பெருக்கினால் 1/9. இரண்டுக்கும் கலப்பானவை 2/3 × 2/3, அதாவது 4/9.

இதையும் மெண்டலிடமே சரிபார்க்கலாம். இரண்டாம் தலைமுறையில் அவருக்குக் கிடைத்த 556 விதைகளில் உருண்டை மஞ்சள் 315. விதைத்ததில் காய்த்தவை 301. அவற்றில் இரண்டுக்கும் தூயவை 38, இரண்டுக்கும் கலப்பானவை 138. நம் கணக்கு எதிர்பார்ப்பது ஏறக்குறைய 33, 134. சிறு எண்ணிக்கையில் இந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பு. ஆனால் 1/16 சரியென்றால் தூயவை 19 அளவிலேயே இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது அட்டை: குடும்பம்

பட்டாணியிலிருந்து மனிதக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு லண்டனில் கடந்தது. ஆர்ச்சிபால்ட் கேராட் என்ற மருத்துவர், சிறுநீர் கறுத்துப்போகும் அல்கேப்டோனூரியா என்ற நிலையுள்ள குடும்பங்களைக் கவனித்து 1902-இல் எழுதினார். நோயில்லாத பெற்றோருக்கு நோயுள்ள பிள்ளைகள். அந்தப் பெற்றோரில் பலர் சொந்தத்தில் மணந்தவர்கள். இது மெண்டலின் ஒடுங்கு பண்பு என்ற விளக்கம் பேட்சனிடமிருந்து வந்தது. வரைபடத்தில் சொந்தத் திருமணத்துக்குப் போடும் இரட்டைக் கோட்டை நம் வகுப்பில் விளக்க வேண்டியதே இல்லை. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அட்டையின் கேள்வி: "ஓர் ஆணுக்கு அல்பினிசம் இல்லை, அவர் தங்கைக்கு உண்டு. அவர் மனைவிக்கு இல்லை, மனைவியின் அண்ணனுக்கு உண்டு. இருவரின் பெற்றோருக்கும் இல்லை. இரு வீட்டிலும் காரணம் ஒரே ஜீன். பிறக்கப்போகும் முதல் குழந்தைக்கு வர வாய்ப்பு எவ்வளவு?"

முதல் படி, பண்பின் வகையை உறுதி செய்வது. இல்லாத பெற்றோருக்கு உள்ள பிள்ளை பிறந்திருப்பதால் ஒடுங்கு. தந்தைக்கு இல்லாமல் மகளுக்கு இருப்பதால் X குரோமோசோம் வழி வரும் ஒடுங்கு பண்பாகவும் இருக்க முடியாது. இரண்டாவது படி, உறுதியாகத் தெரிந்தவர்களை மட்டும் எழுதுவது. தங்கையும் அண்ணனும் aa. நான்கு பெற்றோரும் Aa. மூன்றாவது படி, கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே நான்கு கட்டம் போட்டு அடிப்பது. இருவரும் வளர்ந்தவர்கள், அல்பினிசம் இல்லை என்று தெரியும். ஆகவே aa கட்டம் போய்விடும். ஒவ்வொருவரும் Aa ஆக இருக்க வாய்ப்பு 2/3. நான்காவது படி, இருவரும் Aa என்றால் குழந்தைக்கு 1/4. விடை: 2/3 × 2/3 × 1/4 = 1/9.

இங்கே பிழை இரண்டு பக்கமும் நடக்கும். கணவனுக்கும் மனைவிக்கும் 1/2 போடுகிறவர்கள் 1/16-இல் போய் நிற்பார்கள். முதல் அட்டையை அரைகுறையாகக் கற்றவர்கள் குழந்தைக்கும் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு 1/3 போடுவார்கள். குழந்தை இன்னும் பிறக்கவில்லை, அதைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது, நான்கு கட்டமும் திறந்தே இருக்கின்றன. பார்த்துவிட்டவருக்கு மூன்று, பார்க்காதவருக்கு நான்கு.

மருத்துவர்களையும் ஏமாற்றிய எண்ணிக்கை

இதே பிழை ஒருகாலத்தில் ஆராய்ச்சியாளர்களையும் குழப்பியது. ஒடுங்கு நோயுள்ள குடும்பங்களைத் தேடித் தொகுத்தவர்களுக்கு, நோயுள்ள பிள்ளைகள் கால் பங்கைவிட அதிகமாக வந்தார்கள்.

பெற்றோர் இருவரும் Aa, இரண்டே பிள்ளைகள் என்று 16 குடும்பங்களை எடுப்போம். எதிர்பார்ப்பின்படி 9 குடும்பங்களில் யாருக்கும் நோய் இல்லை. 6 குடும்பங்களில் ஒருவருக்கு. 1 குடும்பத்தில் இருவருக்கும். மொத்தம் 32 பிள்ளைகளில் 8 பேர், சரியாகக் கால் பங்கு. ஆனால் அந்த 9 குடும்பங்கள் மருத்துவரிடம் வரவே மாட்டா. வந்த 7 குடும்பங்களை எண்ணினால் 14 பிள்ளைகளில் 8 பேர். பாதிக்கும் மேல்.

ஷ்டுட்கார்ட் மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1912-இல் இதற்கு வழி சொன்னார். எந்தப் பிள்ளையால் அந்தக் குடும்பம் நம் கண்ணில் பட்டதோ, அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு உடன்பிறந்தாரை மட்டும் எண்ண வேண்டும். நோயுள்ள எல்லோருமே கண்ணில் பட்டதாகக் கொள்வோம். ஒருவருக்கு மட்டும் நோயுள்ள 6 குடும்பங்களில் எண்ண வேண்டிய உடன்பிறந்தார் 6, நோயுள்ளவர் இல்லை. இருவருக்கும் நோயுள்ள குடும்பத்தில் ஒவ்வொருவர் வழியாகவும் மற்றவரை எண்ணினால் 2, இருவருக்கும் உண்டு. 8-இல் 2. விட்டுப்போன கால் பங்கு திரும்பி வந்துவிட்டது.

அட்டைகளைப் போன ஆண்டு புதிதாக எழுதினேன். மூன்றிலும் வெவ்வேறாக இருந்த சிவப்பு வரிகளை அடித்துவிட்டு ஒரே வரியை எழுதியிருக்கிறேன்: "எண்ணுவதற்கு முன் கேள்: இது எப்படி என் கைக்கு வந்தது? எதெல்லாம் வராமல் போனது?" மரபியல் கணக்கில் விடை தவறினால், மேலே உள்ள எண்ணை விட்டுவிட்டு முதலில் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.