ஜப்பான் வேலையை முடிச்சு ஊருக்கு வர்றீங்களா? கட்டிய பென்ஷன் பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

ஜப்பானில் வேலை பார்க்கிற வெளிநாட்டவரின் சம்பளத்தில் மாதாமாதம் 9.15% பென்ஷனுக்குப் பிடிப்பாங்க. நிரந்தரமாக நாடு திரும்பினால் இதைக் கேட்டு வாங்கலாம். இதற்கு ‘தத்தாய் இச்சிஜிகின்’ என்று பெயர். ஆனால் கிளம்பும் முன்பே சில வேலைகளை முடிக்கணும்.

யாருக்குக் கிடைக்கும்?

குறைந்தது 6 மாதம் கட்டியிருக்கணும். 10 வருடம் ஆகிவிட்டால் பென்ஷனே உண்டு, பணம் திரும்பாது. இந்தியக் கம்பெனி அனுப்பி, இந்திய பி.எஃப். சான்றிதழோடு போனவர்கள் ஜப்பானில் கட்டவே இல்லை என்பதால் அவர்களுக்கு இது பொருந்தாது.

கிளம்பும் முன்

வார்டு ஆபீஸில் ‘வெளிநாடு செல்கிறேன்’ என்று முகவரி நீக்கப் படிவம் கொடுக்கணும். முகவரி பதிவில் இருக்கும்வரை பென்ஷன் பணம் கேட்க முடியாது. அடுத்து, ஜப்பானிலேயே இருக்கும் நண்பர் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்து, வரி அலுவலகத்தில் பதிவு செய்யுங்க. இதன் காரணம் கீழே இருக்கு.

ஏர்போர்ட்டில்

குடியேற்ற கவுன்டரில் ரெசிடென்ஸ் கார்டைத் திருப்பிக் கொடுக்கணும். அங்கே தரும் அட்டையில் ‘மீண்டும் வருவேன்’ என்ற கட்டத்தில் பழக்கத்தில் டிக் போட்டுடாதீங்க. போட்டால் விசா ரத்தாகாது.

ஊருக்கு வந்த பிறகு

முகவரி நீங்கிய நாளிலிருந்து 2 வருடத்துக்குள், ஜப்பான் பென்ஷன் சர்வீஸுக்கு விண்ணப்பம் தபாலில் போய்ச் சேரணும். பாஸ்போர்ட் நகல், பென்ஷன் எண், வங்கிக் கணக்குச் சான்று ஆகியவற்றை இணைக்கணும். தாமதமானால் உரிமையே போய்விடும்.

எவ்வளவு கிடைக்கும்?

உதாரணமாக, போனஸும் சேர்த்து சராசரி மாதச் சம்பளம் 3 லட்சம் யென், வேலை செய்தது 3 வருடம் என்று வச்சுக்குவோம். 36 மாதத்துக்கான பெருக்கு எண் 3.3. அதாவது 9,90,000 யென். இதில் 20.42% வரியாக 2,02,158 யென் பிடித்து, மீதி 7,87,842 யென் கணக்கில் வரும். கம்பெனி கட்டிய பங்கு திரும்பாது. இப்போதைய விதிப்படி, அதிகபட்சம் 60 மாதம்தான் கணக்கில் சேரும்.

பிடித்த வரியும் திரும்புமா?

இங்கேதான் வரிப் பிரதிநிதி தேவைப்படுறார். பென்ஷன் ஆபீஸ் அனுப்பும் பணப்பட்டுவாடா கடிதத்தின் அசலை அவருக்கு அனுப்பினால், உங்கள் சார்பில் அவர் வரித் திரும்பப்பெறும் மனு போடுவார். ஓய்வுத்தொகையாகக் கணக்கிட்டால், வருடத்துக்கு 4 லட்சம் யென் வீதம் 12 லட்சம் வரை கழிவு உண்டு. நம்ம உதாரணத்தில் தொகை அதற்குள் வருவதால், வேறு ஓய்வுத்தொகை இல்லையென்றால் முழு வரியும் திரும்பும். இதற்கு 5 வருட அவகாசம் இருக்கு.

வாங்கும் முன் யோசிங்க

2016 அக்டோபர் முதல் இந்தியா–ஜப்பான் ஒப்பந்தப்படி, இரு நாட்டு பென்ஷன் காலத்தையும் சேர்த்து 10 வருட தகுதியைக் காட்டலாம். இந்தப் பணத்தை வாங்கிட்டா, ஜப்பானில் கட்டிய காலம் பதிவிலிருந்து அழிஞ்சிடும். மறுபடி ஜப்பான் போகும் திட்டம் இருந்தால், எது லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துட்டு விண்ணப்பிக்கலாம்.