இருகோல் நிழலும் வடதிசையும்: நெடுநல்வாடை உரைக்குறிப்பு ஒன்றின் மறுவாசிப்பு

நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதி, நண்பகலில் இரண்டு கோல்களின் நிழலைக் கொண்டு திசை கண்டு கயிறு இட்டதைச் சொல்கிறது. நண்பகலில் நிழல் மிகக் குறுகும், குறுகிய நிழல் வடக்கைக் காட்டும், அந்த வடக்குக்கே கயிறு பிடித்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது வழக்கமாகிவிட்டது. வெட்டவெளியில் ஒரு கோலை நட்டுப் பார்த்தவர்கள் இந்த விளக்கத்தை ஏற்பது கடினம்.

மதுரையில் நிழல் வடக்கே நன்றாக நீளும் டிசம்பர் 22-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் கோலின் உச்சிவேளை நிழல் 66 சென்டிமீட்டர். அடுத்த பத்து நிமிடத்தில் அது நீள்வது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். ஆனால் அதே பத்து நிமிடத்தில் நிழலின் நுனி 5 சென்டிமீட்டர் கிழக்கே போய்விடும். அதாவது திசை 4 பாகைக்கு மேல் திரும்பிவிடும். சூரியன் புள்ளி அல்ல, வட்டு. அதனால் நுனி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மங்கிக் கிடக்கும். அந்த மங்கலில் 2 மில்லிமீட்டரை யாரும் பிரித்தறிய முடியாது. நிழல் மிகக் குறுகிய கணத்தைக் கண்ணால் பிடித்து வடக்கைக் குறிப்பது, ஆண்டின் வசதியான நாளிலேயே இவ்வளவு தடுமாற்றம் உடையது.

நச்சினார்க்கினியர் குறிக்கும் காலமோ இன்னும் சிக்கலானது. சித்திரையின் நடுப் பத்து நாளில் ஒரு நாள், பதினைந்தாம் நாழிகை என்கிறார். பகலின் பாதி, அதாவது உச்சி. மதுரைக்கு நேர் மேலே சூரியன் வருவது இன்று ஏப்ரல் 16-ஐ ஒட்டி, சித்திரை 3 வாக்கில். நம் பஞ்சாங்க ஆண்டு பருவ ஆண்டைவிடச் சிறிது நீளமானது. உரையாசிரியர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 14-ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த வேறுபாடு ஏறத்தாழ 11 நாளாகச் சேர்ந்திருக்கிறது. அவர் காலத்தில் அதே நாள் சித்திரை 14 வாக்கில் விழுந்திருக்கும். நடுப் பத்துக்குள் அது சரியாக அமர்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சித்திரை மங்கல மாதம் என்பதால் சொன்னார் என்பாரும் உண்டு. மங்கலத்துக்கு மாதம் போதும், நடுப் பத்தைத் தனியே பிரிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நாளின் உச்சியில் கோலுக்கு நிழலே இல்லை. இல்லாத நிழல் வடக்கை எப்படிக் காட்டும்? உரை பிழையா, நம் வாசிப்பு பிழையா என்பதே கேள்வி.

நம் வாசிப்பே பிழை என்று கருதுகிறேன். கயிறு முதலில் இடப்பட்டது கிழக்கு மேற்காக. சித்திரையில் ஒரு நாள், மதுரைப் பக்கத்துத் தரிசு வயல் ஒன்றில் ஒரு மீட்டர் கோலை நட்டு இதைச் சோதித்தேன். உள்ளூர் உச்சி கடிகாரத்தில் ஏறத்தாழ 12:17. அதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிழல் மேற்கே 26 சென்டிமீட்டர் கிடந்தது. பிறகு அதே கோட்டில் சுருங்கிக்கொண்டே வந்து, கோலடியில் மறைந்து, மறுபுறம் கிழக்கே நீண்டது. கணக்குப்படி அந்த ஒரு மணி நேரத் தொலைவில் நுனி கோட்டிலிருந்து தெற்கே விலகுவது 6 மில்லிமீட்டர் மட்டுமே. முற்பகலிலும் பிற்பகலிலும் விலகல் சமம் என்பதால், கோலடியை மையமாக்கி ஒரு வட்டம் வரைந்து, நிழல் நுனி அதைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்தால் சரியான கிழக்கு மேற்கு கிடைக்கும். அந்த இரு புள்ளிகளிலிருந்தும் ஒரே நீளக் கயிற்றால் வில் வரைந்து, அவை வெட்டுமிடங்களைச் சேர்த்தால் அதுவே உண்மை வடக்கு. காந்த ஊசி காட்டும் வடக்கு அல்ல.

இப்படிக் கொண்டால் இரண்டாவது கோலுக்கும் வேலை பிறக்கிறது. கிழக்கு மேற்காக இட்ட கயிற்றின் இரு முனையிலும் கோல் நட்டால், உச்சிக்கு முன் கீழைக்கோலின் நிழல் கயிற்றின் மேலேயே மேலைக்கோலை நோக்கிக் கிடக்கும். உச்சிக்குப் பின் மேலைக்கோலின் நிழல் கீழைக்கோலை நோக்கும். கயிறு மூன்று நான்கு பாகை பிசகியிருந்தால் நிழல் கயிற்றை விட்டு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். உரையில் வரும் ‘சாயா நிழல்’ என்பதை, இரு பக்கமும் சாயாமல் கோட்டிலேயே ஓடும் நிழல் என்று கொள்ள இது இடம் தருகிறது. ‘சாயா’ என்பதை நிழலுக்கான வடசொல்லாகவும் கொள்ளலாம் என்பதை மறுக்கவில்லை. அப்படிக் கொண்டால் ஒரே பொருள் இருமுறை வந்து நிற்கும்.

கோல் சற்றுச் சாய்ந்திருந்தால் முறை கெடாதா என்று கேட்கலாம். வட்டத்தின் மையத்தைக் கோலடியில் வைத்தால் கெடும். கோலின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடத்தை மையமாக்கினால் கெடாது. நிழல் நுனியை வீழ்த்துவது கோலின் உச்சி மட்டுமே. தரை சமமாக இருப்பதுதான் உண்மையான நிபந்தனை. என் வயலில் ஒரு வரப்புச் சரிவு முதல் நாள் முயற்சியை முழுக்கவே பாழாக்கியது. மறுநாள் நீர் தேக்கி மட்டம் பார்த்த பிறகே இரு நிழலும் ஒரே கயிற்றில் விழுந்தன.