சாண்டிலியர் வெளியேற்றம்

பங்கு வாங்கியவர் எப்போது விற்று வெளியேறுவது என்பதற்கான ஒரு கணக்கு விதி. வாங்கிய பிறகு அந்தப் பங்கு தொட்ட மிக உயர்ந்த விலையிலிருந்து, அதன் சராசரி அன்றாட அசைவின் சில மடங்கைக் கழித்தால் ஒரு விலை கிடைக்கும். சந்தை அதற்குக் கீழே இறங்கினால் விற்றுவிட வேண்டும். உச்சம் உயர உயர இந்த விலையும் மேலே ஏறும். கூரையிலிருந்து தொங்கும் சரவிளக்கைப் போல உச்ச விலையிலிருந்து தொங்குவதால் இப்பெயர். விதியை உருவாக்கியவர் அமெரிக்க வணிகர் சார்லஸ் லெபோ. அலெக்சாண்டர் எல்டர் 2002இல் வெளியிட்ட நூல் வழியாக இது பரவலாக அறியப்பட்டது.

விதியின் வேர் 1978இல் இருக்கிறது. இயந்திரப் பொறியியல் படித்து வணிகத்துக்கு வந்த வெல்ஸ் வைல்டர் அந்த ஆண்டு வெளியிட்ட நூலில் 'உண்மை வீச்சு' என்ற அளவை அறிமுகப்படுத்தினார். ஒரு நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி மட்டும் அசைவின் முழு அளவைச் சொல்லாது. நேற்று 568 ரூபாயில் முடிந்த பங்கு இன்று காலையிலேயே சரிந்து திறந்து, நாள் முழுவதும் 566க்கும் 540க்கும் இடையே நடந்தால், இன்றைய வீச்சு 26 ரூபாய்தான். ஆனால் நேற்று மாலையிலிருந்து பார்த்தால் பங்கு வைத்திருந்தவர் 28 ரூபாய் அசைவைத் தாங்கியிருக்கிறார். இந்த 28தான் உண்மை வீச்சு. பல நாள்களின் உண்மை வீச்சுக்குச் சராசரி எடுத்தால் ஏடிஆர் கிடைக்கும். அதே நூலில் வைல்டர், மிகச் சாதகமான முடிவு விலையிலிருந்து ஏடிஆரின் சுமார் 3 மடங்கு தள்ளி ஒரு கோடு வகுத்திருந்தார். அதைத் தாண்டினால் விற்பதோடு நிற்காமல் எதிர்த்திசையில் வணிகத்தைத் திருப்பவும் வேண்டும். லெபோ கோட்டை நாளின் உச்ச விலையில் மாட்டினார்; திருப்பாமல் வெளியேற மட்டும் பயன்படுத்தினார். விதி எளிமையானது இதனால்தான் என்று சொல்லலாம். இப்போது வழக்கில் இருக்கும் எண்கள் 22 நாள், 3 மடங்கு. ஒரு மாதத்தின் வணிக நாள்கள் ஏறக்குறைய 22.

மும்பையில் இவ்விதியைக் கடைப்பிடிக்கச் சந்தையின் அமைப்பே முதலில் மாற வேண்டியிருந்தது. தலால் தெருவின் வளையத்தில் கூவி விற்ற காலத்தில், மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருந்த அலுவலக ஊழியருக்கு ஒரு பங்கின் அன்றைய உச்சமும் தாழ்வும் சந்தை நடக்கும்போதே தெரிய வழியில்லை. இந்த விலைக்கு வந்தால் விற்றுவிடு என்று தரகரிடம் வாய்மொழியாகச் சொல்லி வைப்பதுதான் நடைமுறை. 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை பங்கு வணிகத்தைத் திரையில் தொடங்கியது. மும்பை பங்குச் சந்தை 1995இல் தன் திரை முறைக்கு மாறியது. 1996இல் டீமேட் வந்து காகிதச் சான்றிதழ்கள் மெல்ல விலகின. திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு ஆகிய 4 விலைகளும் 'பாவ்காப்பி' என்ற அன்றாடக் கோப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்தன. ஏடிஆர் கணக்கிடத் தேவையான உச்சம், தாழ்வு, முடிவு மூன்றும் இவற்றில் உண்டு. 

விதி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். 500 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 560 வரை ஏறியிருக்கிறது, ஏடிஆர் 12 என்று கொள்வோம். கோடு 560 − 36 = 524இல் நிற்கும். மறுநாள் உச்சம் 572, உண்மை வீச்சு 16. வைல்டர் முறையில் பழைய ஏடிஆரை 21ஆல் பெருக்கி, புதிய வீச்சைக் கூட்டி, 22ஆல் வகுக்க வேண்டும். ஏடிஆர் 12.18 ஆகும், கோடு 535.45க்கு ஏறும். அதற்கு அடுத்த நாள் மேலே சொன்ன 28 ரூபாய் சரிவு வருகிறது. தாழ்வு 540தான், கோட்டைத் தொடவில்லை. ஆனால் அசைவு பெருகியதால் ஏடிஆர் 12.90 ஆகிறது, உச்சம் மாறாததால் கோடு 533.30க்கு இறங்குகிறது. சந்தை மோசமாகும் நேரத்தில் கோடு விலகி வழிவிடுவது விதியின் உண்மையான பலவீனம். அதனால் பலர் புதிய கணக்கு குறைவாக வந்தாலும் பழைய கோட்டையே வைத்துக்கொள்கிறார்கள். கோடு ஏறலாம், இறங்கக் கூடாது என்ற இந்தத் திருத்தம் இல்லாமல் விதியைப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

22 நாள் சாளரத்திலும் இதே சிக்கல் உண்டு. லெபோ சொன்னது வணிகத்தில் நுழைந்த பின் வந்த உச்சம். பல வரைபட மென்பொருள்கள் எடுப்பது கடைசி 22 நாளின் உச்சம். 2020 ஜனவரி 20 அன்று நிஃப்டி 12,430.50ஐத் தொட்டது. 22 வணிக நாள்கள் கடந்ததும், பிப்ரவரி மூன்றாம் வாரத்தில், அந்த உச்சம் சாளரத்திலிருந்து நழுவிவிடும். கோடு காரணமின்றித் தாழும். அந்த வாரங்கள் விதியின் மற்ற இயல்புகளையும் காட்டுகின்றன. ஏடிஆர் 120 என்று கொண்டால் கோடு 12,070. தாராளமாக 200 என்று கொண்டாலும் 11,830. பிப்ரவரி 1, சனிக்கிழமை, பட்ஜெட் நாளில் நிஃப்டி 11,661.85இல் முடிந்தது. எந்தக் கணக்கிலும் விற்றிருக்க வேண்டும். விற்றவர் வருந்தியிருப்பார், ஏனென்றால் பிப்ரவரி 12க்குள் நிஃப்டி மீண்டும் 12,200 அருகே ஏறியது. மார்ச் 23 அன்று 7,610.25இல் முடிந்தபோதுதான் அந்த விற்பனையின் பயன் தெரிந்தது. திசையின்றி ஏறி இறங்கும் சந்தையில் பிப்ரவரியில் வந்தது போன்ற மீட்சி அடிக்கடி வரும். ஒவ்வொன்றிலும் சிறு நட்டம் சேரும்.

கோடு ஒரு விலையைக் குறிக்கிறது. அந்த விலைக்கு விற்பனையாகும் என்று உறுதி தருவதில்லை. திரையில் `SL` ஆர்டரில் தூண்டு விலையோடு வரம்பு விலையும் கொடுக்க வேண்டும். சந்தை வரம்பையும் தாண்டிப் பாய்ந்தால் ஆர்டர் விற்காமல் நிற்கும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் பங்கு ஒரே நாளில் சுமார் 179 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்கு வந்தது. 170இல் கோடு வைத்திருந்தவருக்கு அந்த விலை கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. சிறு பங்குகளில் நிலை இன்னும் கடினம். 5 சதவீத விலை வரம்பு உள்ள பங்கு கீழ் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்குவோரே இருக்க மாட்டார்கள்.

இந்தியப் பங்குகளில் கவனிக்க வேண்டிய மற்றொன்று போனஸ். 572 உச்சம் கண்ட பங்குக்கு ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தால் விலை ஏறக்குறைய பாதியாகும். பழைய 535.45ஐ மாற்றாமல் விட்டால், நட்டமே இல்லாத பங்கையும் அன்று காலையே விற்கச் சொல்லும். உச்சம், ஏடிஆர், கோடு மூன்றையும் பாதியாக்கி, 267.70 என்று புதிதாக ஆர்டர் போட வேண்டும். சந்தையில் ஸ்டாப் ஆர்டர் அன்றைய நாளோடு காலாவதியாகும் என்பதால், 3.30 மணிக்குச் சந்தை முடிந்த பின் கோட்டைக் கணக்கிட்டு மறுநாள் 9.15க்கு முன் மீண்டும் இடுவது வழக்கம். தரகு நிறுவனங்கள் தரும் `GTT` வசதி அந்த வேலையைக் குறைக்கிறது. ஆனால் அதிலுள்ள எண் பொதுவாகத் தானாக ஏறுவதில்லை. உச்சம் மாறும்போதெல்லாம் அதையும் திருத்த வேண்டும்.