கணிதச் சொற்களின் வேரும் வரலாறும்

செங்கோண முக்கோணியின் மிக நீண்ட பக்கத்தை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் செம்பக்கம் என வழங்குகின்றன. தமிழகப் பாடநூல்கள் அதனையே கர்ணம் என்கின்றன. ஆங்கிலத்தில் அது ஹைப்போதெனியூஸ் எனப்படும். மூன்று சொற்களும் ஒரே கோட்டினையே சுட்டினும், அவை தோன்றிய இடமும் அவற்றின் வேர்ப்பொருளும் வெவ்வேறானவை. வரைவிலக்கணம் ஒரு பொருள் யாது என்பதைக் கூறுகின்றது. சொல்லின் வேரோ அப்பொருளை முதலிற் பெயரிட்டோர் அதனை எவ்வாறு கண்டனர் என்பதைக் காட்டுகின்றது. இவ்வேறுபாட்டினை மூன்று சொற்களின் வாயிலாக ஆராய்வது பயனுடைத்து.

ஹைப்போதெனியூஸ் என்பதன் மூலம் ‘ஹுப்போதெய்னூசா’ என்னும் கிரேக்கச் சொல்லாகும். ‘ஹுப்போ’ என்பது கீழே எனவும், ‘தெய்னைன்’ என்பது இழுத்து நீட்டுதல் எனவும் பொருள்படும். எனவே கோணத்தின் கீழே இழுத்து நீட்டப்பட்டது என்பதே இச்சொல்லின் பொருள். கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட் தமது கேத்திரகணித முதல் நூலின் 47ஆம் தேற்றத்திற் செம்பக்கத்தைச் ‘செங்கோணத்தின் கீழ் நீளும் பக்கம்’ என்றே குறிப்பிடுகின்றார். ஆனால் அதே நூலின் 19ஆம் தேற்றத்தில், எந்த முக்கோணியிலும் பெரிய கோணத்தின் கீழ்ப் பெரிய பக்கம் நீளும் என்று கூறுமிடத்தும் இதே வினைச்சொல்லையே அவர் ஆளுகின்றார். ஆகவே கிரேக்கர்க்கு இது செங்கோண முக்கோணிக்கு மட்டும் உரிய பெயரன்று. எக்கோணத்துக்கும் எதிரேயுள்ள பக்கத்தைச் சுட்டும் பொதுவினை. பிற்காலத்திலேயே அது ஒரு பக்கத்திற்குரிய சிறப்புப் பெயராகச் சுருங்கியது.

இழுத்தல் என்னும் இக்கருத்து இந்தியாவிலும் காணப்படுகின்றது. வேள்வி மேடைகளை அளந்தமைக்கும் முறைகளைக் கூறும் வடமொழி நூல்கள் சுல்வ சூத்திரங்கள் எனப்படும். சுல்வம் என்றால் கயிறு. செவ்வகத்தின் மூலைவிட்டத்திற்கு இந்நூல்கள் வழங்கிய பெயர் ‘அக்ஷ்ணயா ரஜ்ஜு’, அதாவது குறுக்கே செல்லும் கயிறு என்பதாகும். இது வெறும் உவமையன்று என்பதற்கு ஆபஸ்தம்பரின் நூல் கூறும் மகாவேதி அமைப்பே சான்று. கிழக்கு மேற்காக 36 அலகு இடைவெளியில் இரு முளைகள் அறையப்படும். 36உடன் அதன் பாதியாகிய 18ஐக் கூட்டி, 54 அலகு நீளமான கயிற்றின் இரு முனைகளும் இம்முளைகளிற் கட்டப்படும். மேற்கு முனையிலிருந்து 15 அலகில் ஓர் அடையாளம் இடப்படும். அவ்வடையாளத்தைப் பிடித்துக் கயிறு முழுதும் விறைக்குமாறு தெற்கே இழுத்தால், 15 அலகுப் பகுதி மேற்கு முளையிற் செங்கோணத்தில் நிற்கும். எஞ்சிய 39 அலகுப் பகுதி குறுக்குக் கயிறாக அமையும். 15இன் வர்க்கம் 225; 36இன் வர்க்கம் 1296; இவற்றின் கூட்டுத்தொகையாகிய 1521 என்பது 39இன் வர்க்கமேயாகும். அதே அடையாளத்தைப் பின்னர் வடக்கே இழுத்தும் புள்ளியொன்று குறிக்கப்படும். வடபுள்ளியும் மேற்கு முளையும் தென்புள்ளியும் ஒரே நேர்கோட்டில் அமையாவிடின், கயிறு தளர்ந்தது அல்லது அடையாளம் பிழைத்தது என்பது உடனே வெளிப்படும்.

கிரேக்கச் சொல்லிலும் வடமொழிச் சொல்லிலும் இழுத்துக் கட்டிய ஒன்றின் சாயல் உண்டு என்பதால், ஒரு சமூகம் மற்றையதிடமிருந்து இவ்வறிவைப் பெற்றது என முடிவு செய்தல் தவறாகும். நிலத்தில் நேர்கோடு அமைக்க வேண்டிய எவரும் கயிற்றையே நாடுவர். வேர்ப்பொருள் தொழிலைக் காட்டலாம். தொடர்பினை நிறுவுவதற்கு வேறு சான்றுகள் வேண்டும்.

கயிற்றின் நினைவு இந்தியாவில் நீடிக்கவில்லை. கி.பி. 499இல் இயற்றப்பட்ட ஆரியபடீயத்தில் இப்பக்கங்கள் புஜம், கோடி, கர்ணம் என்னும் பெயர்களைப் பெறுகின்றன. புஜம் என்பது தோள் அல்லது கை. கர்ணம் என்பது செவி. கயிற்றின் இடத்தை இங்கு உடலுறுப்புகளின் பெயர்கள் பெற்றுக்கொண்டன.

பல்கோணியின் ஆங்கிலப் பெயராகிய பொலிகன் என்பதும் இத்தகையதே. ‘பொலு’ என்பது பல; ‘கோனியா’ என்பது கோணம். ‘கோனியா’வோ முழங்காலைக் குறிக்கும் ‘கோனு’ என்னும் சொல்லோடு உறவுடையது. வடமொழியின் ஜானுவும் இலத்தீனின் கெனுவும் இதே குடும்பத்துச் சொற்களாகும். மடங்கிய முழங்காலே கோணத்தின் முதல் உருவமாயிற்று. ஆயினும் உருவங்களைக் கோணத்தாற் பெயரிடுவது ஒன்றே வழியன்று. யூக்கிளிட் தமது முதல் நூலின் வரைவிலக்கணங்களில் நேர்கோட்டு உருவங்களைப் பக்கங்களைக் கொண்டே வகுத்து, நான்கிற்கு மேற்பட்ட பக்கங்களையுடையவற்றைப் ‘பல்பக்கமுடையவை’ என்கின்றார்; ஆறாம் நூலிலோ ‘பல்கோணமுடையவை’ என்கின்றார். இவ்விருவகை நோக்கும் தமிழிலும் கலந்தே நிற்கின்றன. முக்கோணியும் பல்கோணியும் கோணத்தாற் பெயர்பெற, நாற்பக்கல் மட்டும் பக்கத்தாற் பெயர் பெற்றுள்ளமை நோக்கற்பாலது.

சதவீதம் என்னும் சொல் பிறந்த இடம் நிலமோ உடலோ அன்று, அது சந்தையாகும். ஆங்கிலத்தின் ‘பேசென்ற்’ என்பது ‘நூற்றுக்கு’ எனப் பொருள்படும் இலத்தீன்த் தொடரிலிருந்து வந்தது. இத்தாலிய வணிகர் ‘பெர் சென்தோ’ என எழுதியதைச் சுருக்கச் சுருக்க, 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துகளிற் காணப்படும் குறுக்கங்களிலிருந்து இன்றைய % குறியீடு உருவாயிற்று. இலத்தீனின் ‘கெந்தும்’, வடமொழியின் ‘சதம்’ ஆகிய இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. ஆதலால் ரூபாயின் நூற்றிலொரு பங்கைச் சென்ற் என ஆங்கிலத்திற் கூறுபவரும் சதம் எனத் தமிழிற் கூறுபவரும் தம்மை அறியாமலே ஒரு பழஞ்சொல்லின் இரு கிளைகளை வழங்குகின்றனர்.

நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு உரோமரிடமும் இருந்தது. அவர்கள் வட்டியை ‘நூற்றிலொன்று’ எனக் கூறினால், அது மாதமொன்றுக்குரியது. ஆண்டுக்கு அது நூற்றுக்குப் பன்னிரண்டாகும். கி.மு. 51இல் சிலீசியாவின் ஆளுநராகச் சென்ற சிசெரோ இவ்வீதத்தையே உச்ச வட்டியாக விதித்தார். சைப்பிரசிலுள்ள சலாமிசு நகரத்தாருக்கு புரூட்டசின் பணம் கடனாக வழங்கப்பட்டிருந்தது. அவர் சார்பில் வந்தோர் கோரியதோ ‘நூற்றில் நான்கு’. ஆண்டுக் கணக்கில் நோக்கின் ஒன்று நூற்றுக்கு 12. மற்றையது நூற்றுக்கு 48. ‘நூற்றில் நான்கு’ என்பது காதுக்குச் சிறிதாக ஒலிப்பினும், நூறு தலந்து கடன்பட்ட நகரம் ஓராண்டில் வட்டியாக மட்டும் 48 தலந்து இறுக்க வேண்டியிருக்கும். எதன் நூற்றில், எக்காலத்திற்கு என்பவற்றைச் சதவீதம் என்னும் சொல் தானாகக் கூறுவதில்லை. அவற்றை வினவாதவன் அன்றும் ஏமாந்தான், இன்றும் ஏமாறுவான்.

இனிச் செம்பக்கத்திற்கு மீள்வோம். இலங்கைப் பாடசாலைக் கல்வி சுயமொழிக்கு மாறிய காலத்தில் கணிதத்திற்குத் தமிழ்ச் சொற்கள் பெருமளவில் வேண்டப்பட்டன. செங்கோணத்தோடு இணைத்துச் செம்பக்கம் என்பதை ஆண்டமையால், எக்கோணத்துக்கு எதிரான பக்கம் என்பது மாணவர்க்கு எளிதில் நினைவில் நிற்கும். கர்ணம் என்னும் சொல் இவ்வுதவியைச் செய்யாது. ஆனால் செம்மை என்பது நேர்மையையும் செவ்வையையும் குறிக்கும். இதனால் முதன்முறை கற்பவன் நிமிர்ந்து நிற்கும் பக்கத்தையே செம்பக்கம் என மயங்க இடமுண்டு. உண்மையிற் செம்பக்கம் செங்கோணத்தைத் தொடாத ஒரே பக்கமாகும். கிரேக்கச் சொல்லில் இம்மயக்கத்திற்கு இடமில்லை; கோணத்தின் கீழ் நீள்வது கோணத்திற்கு எதிரே உள்ளதேயன்றோ?

ஆகவே புதிய கலைச்சொல்லை ஆக்குவோர் மூலச்சொல்லின் வேரை அறிந்திருத்தல் வேண்டும். வேரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதற்காக அன்று. எதைக் காக்கின்றோம், எதை இழக்கின்றோம் என்று தெரிந்தே இழப்பதற்காக. பெயர் எதுவாயினும் 15, 36, 39 என்னும் மூன்று நீளங்களும் செங்கோணத்தையே தரும். ஆனால் அப்பெயரைக் கேட்கும் மாணவனின் மனத்தில் எந்தக் கோடு முதலில் எழுகின்றது என்பதைத் தீர்மானிப்பது சொல்லே.